முதல் மாதம் நம்பர் ஏறும் சார்

"வேலைக்கு எடுத்தா முதல் தொண்ணூறு நாள்ல என்ன பண்ணுவீங்க?"

குவாலிட்டி மேனேஜர் வேலைக்கான இன்டர்வியூவில் இந்தக் கேள்விக்கு நான் முதல் தடவை சொன்ன பதில் நெட்டில் படித்து மனப்பாடம் செய்தது. முதல் முப்பது நாள் கற்றுக்கொள்வேன், அடுத்த முப்பது நாள் பங்களிப்பேன், கடைசி முப்பது நாள் மாற்றம் கொண்டுவருவேன். எதிரே இருந்தவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "உங்களுக்கு முன்னாடி வந்த தம்பியும் இதேதான் சொன்னாரு" என்றார். இரண்டாவது இடத்தில் நேர்மாறாகப் போனேன். டேமேஜ் எத்தனை சதவீதம் என்று கேட்டு, ஒரே மாதத்தில் அதைப் பாதியாக்குகிறேன் என்று அடித்துவிட்டேன். "எந்த ஆபரேஷன்ல குறைப்பீங்க?" என்று கேட்டார்கள். அந்த யூனிட்டில் என்ன தைக்கிறார்கள் என்றே எனக்குச் சரியாகத் தெரியாது. அந்த வேலையும் போச்சு.

மூன்றாவது இன்டர்வியூவில் வேலை கிடைத்தது. அங்கே நான் சொன்ன பதிலையும், வேலையில் சேர்ந்த பிறகு அந்தப் பதில் என்ன கதிக்கு ஆளானது என்பதையும் எழுதுகிறேன். திருப்பூரில் போலோவும் டி-ஷர்ட்டும் தைத்து ஏற்றுமதி செய்யும் ஒரு யூனிட். ஆறு லைன். குவாலிட்டி மேனேஜர் வேலை. 2018 ஆகஸ்ட். மேசைக்கு அந்தப் பக்கம் ஓனர், மெர்ச்சண்டைசிங் பார்க்கும் அவர் மகன், புரொடக்‌ஷன் மேனேஜர்.

கேள்வி வந்ததும் பதில் சொல்லவில்லை. "சொல்றேன் சார், அதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் கேட்டுக்கலாமா?" என்றேன். இதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. திட்டம் கேட்பவரிடம் விவரம் கேட்பதுதானே முறை.

முதலில் கேட்டது இது: "ஷிப்மென்ட் அன்னைக்கு நான் ஒரு லாட்டை நிறுத்தி வைக்கச் சொன்னா, அதை ரிலீஸ் பண்ற அதிகாரம் யாருக்கு இருக்குங்க?"

புரொடக்‌ஷன் மேனேஜர் ஓனரைப் பார்த்தார். ஓனர் கொஞ்ச நேரம் கழித்து, "எங்கிட்டத்தான் வரணும் தம்பி" என்றார். எனக்கு அது போதும். நிறுத்திய லாட்டை புரொடக்‌ஷன் மேனேஜரே விடுவித்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருந்தால், தொண்ணூறு நாள் திட்டம் என்று ஒன்றைச் சொல்வதிலேயே அர்த்தம் இல்லை. எத்தனை பீஸ் முடிந்தது என்று கணக்குக் கொடுக்க வேண்டியவர் கையிலேயே குவாலிட்டியும் இருக்கும் யூனிட்டில், நான் செக்கிங் டேபிளுக்கு மேஸ்திரியாக இருந்திருப்பேன், அவ்வளவுதான்.

இரண்டாவதாக, அவர்கள் சொன்ன நம்பரைப் பற்றிக் கேட்டேன். லைன் முடிவில் செக்கிங்கில் டேமேஜ் 4.2 சதவீதம் வருகிறது என்று சொல்லியிருந்தார்கள். "அது பீஸ் கணக்குங்களா, டிஃபெக்ட் கணக்குங்களா?" ஆயிரம் பீஸ் பார்த்து அதில் 60 பீஸ் கெட்டது என்றால் 6 சதவீதம். ஆனால் ஒரே பீஸில் காலர் ஏறி இறங்கியும் இருக்கலாம், எண்ணெய்க் கறையும் இருக்கலாம். அந்த 60 பீஸில் 84 குறை இருந்தால் நூற்றுக்கு 8.4 குறை. இதைத்தான் டிஎச்யூ என்கிறோம். இரண்டும் வேறு வேறு கணக்கு. ஒருவர் ஒன்றைச் சொல்ல, மற்றவர் இன்னொன்றை நினைத்துக்கொண்டு தலையாட்டும் மீட்டிங்குகள் எத்தனையோ பார்த்திருக்கிறேன். மகன் டிஎச்யூ என்றார், மேனேஜர் பீஸ் கணக்கு என்றார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"முடிஞ்சா நேத்து செக்கிங் ஷீட் ஒண்ணு பார்க்கலாமா சார்?" என்றேன். கொண்டுவரச் சொன்னார் ஓனர்.

வந்தது. எட்டு மணி நேரத்துக்கும் கட்டம் போட்ட ஷீட். 4, 4, 3, 5, 4, 4, 4, 3. எல்லாம் ஒரே பேனா, ஒரே அழுத்தம், ஒரே சாய்வு. காலையில் எழுதியதும் சாயங்காலம் எழுதியதும் ஒரே கையெழுத்தாக இருக்கலாம், ஆனால் ஒரே மூச்சில் எழுதியது போல இருக்காது. நிஜமான ஷீட்டில் ஒரு மணி நேரத்தில் பூஜ்யம் இருக்கும், ஊசி முனை போன மணி நேரத்தில் 14 இருக்கும், சாப்பாட்டு வேளைக்கு முன்னால் கோடுகள் கோணலாக இருக்கும். இது ஷிப்ட் முடிந்து டீ குடித்துக்கொண்டே எழுதிய ஷீட். செக்கர் அக்காவைக் குறை சொல்ல முடியாது. கெட்ட பீஸ் வந்ததும் அவர் அதை அப்படியே டெய்லரிடம் நீட்டிவிடுகிறார், டெய்லர் உடனே பிரித்துத் தைத்துக் கொடுத்துவிடுகிறார். எழுதுவதற்கு அங்கே எதுவும் மிச்சம் இருப்பதில்லை. எழுதினால் லைன் சூப்பர்வைசருக்கும் கோபம்.

இதை நான் உரக்கச் சொல்லவில்லை. மேனேஜர் அங்கேயே உட்கார்ந்திருக்கிறார், நாளைக்கு அவரோடுதான் வேலை பார்க்க வேண்டும். ஷீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பதிலைத் தொடங்கினேன். ஞாபகத்தில் இருக்கும் வரை அப்படியே தருகிறேன்.

"சார், முதல் பத்து நாள் எந்த ஃபார்மட்டையும் மாத்த மாட்டேன். பேக்கிங்ல ஆரம்பிச்சு பின்னாடியே நடந்து ஃபேப்ரிக் குடோன் வரைக்கும் வருவேன். கடைசி ஆறு மாசத்து இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட் எல்லாம் படிச்சு, எந்தக் குறை திரும்பத் திரும்ப வருதுன்னு எண்ணி எடுப்பேன். அதுக்கப்புறம் ஆறு லைன்ல ஒரே ஒரு லைனை எடுத்துக்கிட்டு, அங்க மட்டும் குறை கண்ட உடனே கோடு போடற மாதிரி வைப்பேன். திருத்த வேண்டிய ஆல்ட்டர் பீஸை டெய்லர் கையில குடுக்கக் கூடாது, சிவப்புக் கூடையில போடணும். சாயங்காலம் கூடையை எண்ணி ஷீட்டோட ஒத்துப் பார்ப்பேன். இதைச் செஞ்சா முதல் மாசம் அந்த லைன்ல உங்க 4 வந்து 9 ஆகும், 10 ஆகும். அது தையல் கெட்டுப்போனதால இல்லைங்க, இத்தனை நாள் எழுதாதது எழுத்துல வர்றதால. அந்த நம்பரைப் பார்த்து யாரையும் கூப்பிட்டுத் திட்டாம இருந்தீங்கன்னா, ரெண்டாவது மாசம் அதுல பெரிய குறை எதுவோ அது ஒண்ணை மட்டும் எடுத்துக் குறைச்சுக் காட்டறேன்."

மேனேஜர் முகம் சுருங்கியது. ஓனர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார்.

நம்பர் ஏறும் என்று இன்டர்வியூவில் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. அதற்கு முன் வேலை பார்த்த இடத்தில் இதையே சொல்லாமல் செய்தேன். கூடை வைத்தேன், கோடு போட வைத்தேன், மூன்றாவது வாரம் நம்பர் இரண்டு மடங்கானது. "நீ வந்ததுக்கப்புறம்தான் எல்லாம் கெட்டுப்போச்சு" என்று மீட்டிங்கில் எல்லார் முன்னாலும் கேட்டார்கள். நான் விளக்கியது எல்லாம் சாக்குப்போக்காகத்தான் அவர்கள் காதில் விழுந்தது. கூடையை எடுத்துவிட்டார்கள், நம்பரும் பழையபடி 4-க்கு வந்தது, எல்லாருக்கும் நிம்மதி. ஏறிய பிறகு சொன்னால் அது சமாதானம் என்று அன்று புரிந்தது. அதனால் இந்த முறை சம்பளம் பேசுவதற்கு முன்பே சொல்லிவிட்டேன்.

ஓனர் மேசை டிராயரைத் திறந்து ஒரு போலோவை எடுத்துப் போட்டார். இளநீலம், சிங்கிள் ஜெர்சி. "இதுல என்ன தப்பு சொல்லுங்க."

மேலோட்டமாகப் பார்த்தால் நல்ல பீஸ். பட்டன் பட்டி நேராக இருந்தது, காலர் இரு முனையும் சமம். தோள் தையலை இரண்டு கையாலும் பிடித்து இழுத்து, ஜன்னல் பக்கம் காட்டினேன். தையல் ஓரமாகச் சின்னச் சின்ன வெளிச்சப் புள்ளிகள். ஊசி ஓட்டை. பின்னல் துணியில் ஊசி நூல்களுக்கு நடுவே விலக்கிக்கொண்டு போக வேண்டும். முனை மழுங்கியிருந்தாலோ, துணிக்குப் பெரிய ஊசி போட்டிருந்தாலோ, நூலையே அறுத்துவிடும். தைத்த உடன் தெரியாது. இழுத்தாலோ துவைத்தாலோ ஓட்டை பிரிந்து ஓடும்.

"பையர் கடையில இருந்து திரும்பி வந்தது" என்றார் ஓனர். "போன ஆறு மாசத்துல மூணு லாட் ஃபெயில். அதுல ரெண்டு இதுதான்."

ஒரு லாட் 3,000 பீஸ் என்றால் பையரின் இன்ஸ்பெக்டர் அதில் 125 பீஸை எடுத்துப் பார்ப்பார். எத்தனை கெட்ட பீஸ் வரை ஏற்கலாம் என்பதற்குப் பெரும்பாலான பையர்கள் வைக்கும் அளவுகோல் 2.5 ஏக்யூஎல். அந்தக் கணக்குப்படி அதில் 7 பீஸ் வரை கெட்டிருந்தால் லாட் பாஸ், 8 என்றால் ஃபெயில். ஒற்றைப் பீஸ் வித்தியாசத்தில் மொத்த லாட்டையும் பெட்டி பிரித்து மறுபடி பார்க்க வேண்டும், நேரம் போனால் கப்பலுக்குப் பதில் விமானத்தில் அனுப்ப வேண்டும். ஓனர் டிராயரில் அந்தப் பீஸை வைத்திருந்தது சும்மா இல்லை.

"அப்போ ரெண்டாவது மாசத்துக்கு இதையே எடுத்துக்கறேன் சார்" என்றேன். இரண்டாவது மாதம் எதை எடுப்பேன் என்று அதுவரை எனக்கே தெரியாது. அவர்தான் எடுத்துக் கொடுத்தார். முதல் பதிலில் அந்த இடத்தைக் காலியாக விட்டிருந்தது நல்லதாகப் போயிற்று.

மூன்றாவது மாதத்தைப் பற்றி மகன் கேட்டார். நான் செல்போனில் காலண்டரை எடுத்தேன். செப்டம்பர் 3-ல் சேர்ந்தால் தொண்ணூறாவது நாள் டிசம்பர் 1. ஞாயிறுகளை எடுத்தால் 78 நாள். விநாயகர் சதுர்த்தி, காந்தி ஜெயந்தி, ஆயுத பூஜை, அதற்கு மறுநாள், அப்புறம் தீபாவளிக்கு ஒரு வாரம் என்று கழித்தால் 70 நாள்கூடத் தேறாது. அந்த வருடம் தீபாவளி நவம்பர் 6. மதுரை, தேனி, திண்டுக்கல் ஆட்கள் ஊருக்குப் போய் எப்போது திரும்புவார்கள் என்பது திருப்பூரில் எல்லாருக்கும் தெரிந்த கதை. திரும்பி வருகிறவர்கள் பழைய லைனுக்கே வருவார்கள் என்பதும் நிச்சயம் இல்லை. பக்கத்து யூனிட்டில் பீஸுக்குச் சில பைசா கூடக் கிடைத்தால் அங்கே போய்விடுவார்கள். "அதனால தீபாவளிக்கு முன்னாடி குறைச்சதை, தீபாவளிக்கு அப்புறம் வர்ற புது ஆளுங்களை வெச்சு மறுபடி பிடிச்சு நிறுத்தறதுதான் சார் என் மூணாவது மாசம். புதுசா எதையும் சொல்லலை."

மேனேஜர் அன்று முதல் தடவையாகச் சிரித்தார். தீபாவளிக்குப் பிந்தைய பதினைந்து நாளை இன்டர்வியூவில் யாரும் பேசி அவர் கேட்டதில்லை போல.

சேர்ந்தேன். திட்டம் அப்படியே நடந்ததா என்றால், பாதி நடந்தது.

பத்து நாள் எதையும் தொடாமல் இருப்பேன் என்றேன். ஆறாவது நாளே ஒரு ஷிப்மென்ட்டை நிறுத்த வேண்டி வந்தது. அளவு தவறு, நீளம் ஒன்றரை சென்டிமீட்டர் குறைவு. லைக்ரா கலந்த துணியை ரோலில் இருந்து பிரித்து ஒரு நாளாவது தளர விடாமல் அவசரத்தில் நறுக்கியிருந்தார்கள். நறுக்கிய பிறகு துணி சுருங்கிக்கொண்டது. ஓனர் இன்டர்வியூவில் சொன்ன வார்த்தையைக் காப்பாற்றினார், லாட்டை அவரே வந்து பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்தார். அன்றைக்கு மேனேஜரும் நானும் ராத்திரி ஒன்பது மணி வரை சைஸ் வாரியாக அளந்து பிரித்தோம். எங்களுக்குள் பேச்சு வார்த்தை சரியானது அந்த ராத்திரிதான்.

கூடை வைத்த மூன்றாவது லைனில் செப்டம்பர் கடைசியில் டிஎச்யூ 9.6. ஓனர் ஷீட்டைப் பார்த்துவிட்டு, "பத்துன்னு சொன்னீங்க, குறைச்சலா இருக்குதே" என்றார். கிண்டல்தான், ஆனால் கோபம் இல்லை.

ஊசி விஷயத்தில்தான் நான் நினைத்தே பார்க்காத ஒன்று கிடைத்தது. டெய்லர்களுக்கு ஊசி மழுங்குவது தெரியாமல் இல்லை. முனையைக் கட்டைவிரல் நகத்தில் லேசாக இழுத்தாலே கீறல் விழுவதை வைத்துச் சொல்லிவிடுவார்கள். பிரச்சினை ஸ்டோரில் இருந்தது. பழைய ஊசியைக் கொடுத்தால்தான் புதியது தருவார்கள், உடைந்திருந்தால் எல்லாத் துண்டையும் தேடி எடுத்து ரிஜிஸ்டரில் ஒட்ட வேண்டும். உடைந்த ஊசித் துண்டு துணிக்குள் போய்விடக் கூடாது என்பதற்காக இந்த விதி, அதில் தப்பே இல்லை. ஆனால் உடையாத ஊசியை மாற்றப் போனாலும் ஸ்டோர் வாசலில் கால் மணி நேரம் நின்று பதில் சொல்ல வேண்டியிருந்தது. பீஸ் ரேட்டில் தைப்பவர் எதற்குப் போவார்? உடையும் வரை ஓட்டுவார்.

ஒரு மூத்த செக்கர் அக்காதான் இதைச் சொன்னார். "ஊசியக் கொண்டாந்து கையில குடுத்துப் பாருங்க சார், அப்புறம் ஓட்டை எங்கிருந்து வரும்?" அதையே செய்தோம். தினமும் காலையில் மெக்கானிக் ஒரு தட்டில் முனை உருண்ட பால் பாயிண்ட் ஊசிகளோடு லைனில் நடந்து, தோள், கழுத்து, பட்டி தைக்கும் மெஷின்களில் மட்டும் பழையதை வாங்கிக்கொண்டு புதியதை மாட்டிவிட்டுப் போவார். மெல்லிய துணி ஓடும் நாளில் 75-ம் நம்பர் ஊசிக்குப் பதில் அதைவிட மெல்லிய 65. ரிஜிஸ்டர் அவர் கையிலேயே. அக்டோபர் கடைசியில் அந்த லைனில் டிஎச்யூ 6.1. ஊசி ஓட்டை கிட்டத்தட்ட நின்றுவிட்டது. மீதி எல்லாம் வேறு குறைகள், அவற்றை நான் தொடவே இல்லை. மகன் இரண்டு தடவை "இன்னொண்ணும் சேர்த்து எடுத்துக்கலாமே" என்றார். ஒன்றுதான் என்று இன்டர்வியூவில் சொன்னது அப்போது கைகொடுத்தது.

தீபாவளிக்கு அப்புறம் நினைத்தபடியே லைனில் பாதி இடம் காலி. ஒரு வாரம் கழித்து ஆட்கள் வரத் தொடங்கிய நேரத்தில், நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தது. எங்கள் லைன்களில் பட்டுக்கோட்டை, திருத்துறைப்பூண்டி பக்கத்து ஆட்கள் கணிசமாக இருந்தார்கள். அப்போதுதான் திரும்பி வந்தவர்கள் அன்றே பஸ் ஏறினார்கள். வீட்டுக் கூரை போய்விட்டது, தென்னை மரம் எல்லாம் சாய்ந்துவிட்டது என்று போனில் சொன்னவர்களிடம் எப்போது வருவீர்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. மூன்றாவது லைன் மறுபடி 8-ஐத் தாண்டியது. தொண்ணூறாவது நாளில் 6.8. அக்டோபரைவிட மோசம். ஓனரிடம் அந்த நம்பரைத்தான் கொடுத்தேன், பக்கத்தில் அந்த வாரம் லைனில் எத்தனை பேர் புதியவர்கள் என்பதையும் எழுதி. மற்ற ஐந்து லைனுக்கும் ஊசித் தட்டு போவது ஜனவரியில்தான் முடிந்தது.

இப்போது மேசைக்கு அந்தப் பக்கம் நானும் சில சமயம் உட்காருகிறேன். இதே கேள்வியைக் கேட்கிறேன். வருகிறவர் என்ன செய்வேன் என்று சொல்வதைவிட, எதைத் தொட மாட்டேன் என்று சொல்கிறாரா என்று கவனிக்கிறேன். எங்கள் ஷீட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தவர் இதுவரை இரண்டே பேர். ஒருவரை எடுத்தோம். இன்னொருவர் ஷீட்டைப் பார்த்துவிட்டு வேலையே வேண்டாம் என்று போய்விட்டார், அதுவும் நியாயம்தான்.

என் பதிலில் ஒரு ஓட்டை இருந்தது. டிசம்பர் முதல் வாரம் ஓனர் கூப்பிட்டனுப்பினார். நான் டிஎச்யூ ஷீட்டோடு போனேன். அவர் கையில் பர்ச்சேஸில் இருந்து வந்த பில்.

"ஊசிச் செலவு ரெண்டரை மடங்கு ஆயிருக்குதே தம்பி. இது ஏறும்னு அன்னைக்குச் சொல்லவே இல்லையே?"